'நான்' நிறைந்த மின்னஞ்சலைப் படிப்பவருக்கான மின்னஞ்சலாக மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன தையல் யூனிட். பள்ளி யூனிஃபார்ம்தான் முக்கிய வேலை. அதை நடத்தும் அக்கா, திருவொற்றியூரில் உள்ள ஒரு தனியார் பள்ளியின் தலைமையாசிரியருக்கு மார்ச் மாதத் தொடக்கத்தில் அனுப்ப எழுதி வைத்திருந்த மின்னஞ்சல் இது. இந்த வழிகாட்டி முழுக்க இந்த ஒரு மின்னஞ்சலை மட்டும்தான் திருத்தப் போகிறோம்.

> பொருள்: எங்கள் நிறுவனம் பற்றிய அறிமுகம்
>
> மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அம்மாவுக்கு, வணக்கம்.
>
> நான் பழைய வண்ணாரப்பேட்டையில் 15 வருடமாக யூனிஃபார்ம் தைக்கும் யூனிட் நடத்தி வருகிறேன். உங்கள் பள்ளியைப் பற்றி என் உறவினர் மூலம் கேள்விப்பட்டேன். என்னிடம் பத்து தையல் மெஷின்கள் இருக்கின்றன. நான் தரமான துணி மட்டுமே பயன்படுத்துகிறேன். ஏற்கெனவே இரண்டு பள்ளிகளுக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். உங்கள் பள்ளிக்கும் தைத்துத் தர மிகவும் ஆசைப்படுகிறேன். எனக்கு ஏப்ரலுக்குள் ஆர்டர் கிடைத்தால்தான் என்னால் ஜூனில் கொடுக்க முடியும். அளவு எடுக்க என் ஆட்களை அனுப்புவேன். அட்வான்ஸாகப் பாதித் தொகை எதிர்பார்க்கிறேன். உங்களை நேரில் சந்திக்க விரும்புகிறேன். உங்கள் பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்.

மரியாதைக்குக் குறைவில்லை, பிழையும் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் தலைமையாசிரியருக்கு இந்த அக்காவைப் பற்றித்தான் நிறையத் தெரியவரும். தன் பள்ளிக்கு என்ன நடக்கும் என்பது தெரியாது. எனவே 'பார்க்கலாம்' என்று ஒதுக்கி வைப்பார். அதற்கு மேல் அவர் செய்வதற்கு இதில் எதுவும் இல்லை.

முதலில், ஒளிந்திருக்கும் 'நான்'களைக் கண்டுபிடியுங்கள்

இங்கிலீஷ் மின்னஞ்சல் என்றால் இது சுலபம். ஒவ்வொரு வரியும் 'ஐ' என்று தொடங்கி இடது ஓரத்தில் வரிசையாக நிற்கும். தமிழில் அப்படி நிற்காது. மேலே உள்ள மின்னஞ்சலில் 'நான்' என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். இரண்டே முறை. இதைப் பார்த்துவிட்டு 'என் மெயிலில் நான் அதிகம் இல்லையே' என்று சொல்பவர்கள் உண்டு. வினைமுற்றுகளைப் பாருங்கள்: வருகிறேன், கேள்விப்பட்டேன், பயன்படுத்துகிறேன், ஆசைப்படுகிறேன், அனுப்புவேன், எதிர்பார்க்கிறேன், விரும்புகிறேன். ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு 'நான்' உட்கார்ந்திருக்கிறது. அதனால் 'நான்' என்ற சொல்லை மட்டும் அழித்துவிட்டால் வேலை முடிந்தது என்ற கணக்கு தமிழில் செல்லாது.

கம்ப்யூட்டரில் எழுதுகிறீர்கள் என்றால் Ctrl+F அழுத்தி 'றேன்', 'னேன்', 'தேன்', 'டேன்', 'வேன்', 'பேன்' என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பள்ளி விஷயம் என்றால் 'வேன்' தேடும்போது ஸ்கூல் வேனும் வந்து நிற்கும், அதை விட்டுவிடுங்கள். நிறுவனத்தின் பெயரில் எழுதுபவர்கள் 'றோம்', 'னோம்', 'தோம்', 'டோம்', 'வோம்', 'போம்' தேட வேண்டும். 'நான்' என்பதை 'நாங்கள்' ஆக்கினால் பணிவாகத் தெரியும் என்று நினைப்போம். படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், பேச்சு இன்னும் எழுதியவரைச் சுற்றியேதான் நடக்கிறது. கடைசியாக எனக்கு, என்னால், என்னிடம், என், எங்கள் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஐந்தையும் ஒருவர் சொல்லும்வரை கவனிக்கவே மாட்டோம்.

இப்படிக் குறித்தால் மேலே உள்ள மின்னஞ்சலின் எல்லா வாக்கியங்களிலும் குறி விழுகிறது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

இப்போதே ஒரு வாக்கியத்தையும் மாற்றாதீர்கள். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். குறி போட்டதும் கை பரபரக்கும். 'நான் தரமான துணி பயன்படுத்துகிறேன்' என்பதை 'உங்களுக்குத் தரமான துணி கிடைக்கும்' என்று மாற்றிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவோம். சொல் மாறியது, ஆனால் தலைமையாசிரியருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 'தரமான' என்றால் என்ன என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. ஒரு மின்னஞ்சலில் 'நான்' நிறைய வருவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றே: எழுதியவர் தனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதியிருக்கிறார், படிப்பவர் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இன்னும் யோசிக்கவில்லை. எனவே அடுத்த வேலை மின்னஞ்சலை மூடி வைத்துவிட்டுச் செய்ய வேண்டியது.

படிப்பவரின் கேள்விகளை அவர் குரலில் எழுதுங்கள்

ஒரு வெள்ளைத் தாள் போதும். மேலே படிப்பவர் யார், இதை எப்போது படிப்பார் என்று ஒரு வரி. கீழே அவர் வாயில் வரக்கூடிய கேள்விகள். 'டெலிவரி', 'விலை' என்று தலைப்பு போடாதீர்கள். அவர் நேரில் எப்படிக் கேட்பாரோ அப்படியே எழுதுங்கள். தலைப்பு போட்டால் பதிலும் விளம்பர நோட்டீஸ் மாதிரி வரும்.

அக்காவுக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. 'விலை கேட்பாங்க, வேற என்ன கேட்பாங்க' என்றார். சரி, போன வருடம் தைத்துக் கொடுத்த பள்ளிகளில் என்னென்ன பிரச்சனை வந்தது என்று கேட்டதும் கொட்டத் தொடங்கினார். படிப்பவரின் கேள்விகளை யோசித்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். பழைய புகார்களிலிருந்து எடுப்பது சுலபம். அவர் சொன்னதிலிருந்து வந்த கேள்விகள் இவை.

"திறக்கிற அன்னைக்கு எல்லாப் பிள்ளைக்கும் கைக்கு வந்திருக்குமா? பாதி பிள்ளை கலர் டிரஸ்ல வந்து நிக்கக் கூடாது." தலைமையாசிரியரின் முதல் பயம் இது.

"அண்ணன் பழைய சட்டையும் தம்பி புதுச் சட்டையும் பக்கத்துல நின்னா கலர் ஒண்ணா இருக்குமா?" ஒரே நீலம் என்று வாங்கினாலும் சாயம் போட்ட லாட் மாறினால் நிறம் லேசாக மாறும். தனியாகப் பார்த்தால் தெரியாது, காலைப் பிரார்த்தனையில் வரிசையாக நிற்கும்போது தெரிந்துவிடும்.

"பணத்தை யார் வசூல் பண்றது? ஆபீஸ்ல உட்கார்ந்து நாங்க ரசீது போட முடியாது."

"அளவு எடுக்க எத்தனை பீரியட் போகும்? பரீட்சை நேரத்துல டீச்சருங்க சத்தம் போடுவாங்க."

"சைஸ் சின்னதாப் போச்சுன்னா பெத்தவங்க எங்க ரூம் வாசல்லதான் வந்து நிப்பாங்க. அப்போ நீங்க எங்க இருப்பீங்க?"

இந்தக் கேள்விகளில் எங்கேயும் பத்து மெஷின் இல்லை. உறவினரும் இல்லை.

பழைய வாக்கியங்களைக் கேள்விகளோடு பொருத்திப் பாருங்கள்

இப்போது மின்னஞ்சலைத் திறந்து ஒவ்வொரு வாக்கியத்தின் அருகிலும் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று எழுதுங்கள். எதற்கும் பதில் இல்லாத வாக்கியம் வெளியே போகலாம், அல்லது கீழே இறங்கலாம்.

உறவினர் மூலம் கேள்விப்பட்டது போகலாம். அந்த உறவினர் அதே பள்ளியில் ஆசிரியராக இருந்தால் மட்டும் நிற்கலாம், அப்போது அது ஒரு சிபாரிசு. ஆசைப்படுவது, விரும்புவது, ஆவலுடன் எதிர்பார்ப்பது மூன்றும் போகலாம். ஆர்டர் கேட்டு எழுதுபவருக்கு ஆர்டர் வேண்டும் என்பது படிப்பவருக்குத் தெரியும். பத்து மெஷின் விஷயம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. அது அப்படியே உதவாது, ஆனால் 'நேரத்துக்கு முடித்துவிடுவீர்களா' என்ற கேள்விக்கான ஆதாரம் அதற்குள் இருக்கிறது. அக்காவிடம் கேட்டால், அத்தனை மெஷினும் ஓடினால் இந்தப் பள்ளியின் மொத்த ஆர்டரும் ஒரு மாதத்துக்குள் முடியும் என்கிறார். தலைமையாசிரியருக்கு வேண்டியது அந்த ஒரு மாதம்தான். 15 வருட அனுபவமும் இரண்டு பள்ளிகளும் நிற்கும். ஆனால் அவை நம்பிக்கைக்கான சாட்சி, எனவே கடைசியில் வர வேண்டும்.

இந்த மின்னஞ்சலில் தங்கம் எங்கே இருக்கிறது தெரியுமா? 'எனக்கு ஏப்ரலுக்குள் ஆர்டர் கிடைத்தால்தான் என்னால் ஜூனில் கொடுக்க முடியும்' என்ற வாக்கியத்தில். படிக்கும்போது இது எழுதியவரின் நிபந்தனை மாதிரி, கொஞ்சம் மிரட்டல் மாதிரிகூட ஒலிக்கிறது. ஏன் ஏப்ரல் என்று கேட்டால், அக்கா சொல்லும் காரணம் வேறு. முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அளவு எடுக்கப் பிள்ளைகளே இருக்க மாட்டார்கள். ஆக, அந்தத் தேதி உண்மையில் யூனிட்டின் வசதிக்காக வைத்ததே இல்லை, பள்ளியின் காலண்டரிலிருந்து வந்தது. தலைமையாசிரியருக்கு இதைவிட முக்கியமான தகவல் இந்த மின்னஞ்சலில் வேறு இல்லை. அது ஏழாவது வாக்கியமாக, 'எனக்கு' என்ற முகமூடி போட்டு நின்றிருந்தது.

உங்கள் மின்னஞ்சலிலும் 'எனக்கு வேண்டும்', 'என்னால் முடியாது' என்று வரும் இடங்களில் நின்று, ஏன் என்று கேட்டுப் பாருங்கள். பல நேரங்களில் காரணம் படிப்பவரின் பக்கமே இருக்கும்.

இல்லாத பதில்களைத் தேடி வாங்குங்கள்

பொருத்திப் பார்த்ததில் நிறம், பணம், அளவு மாறினால் என்ன செய்வது ஆகிய மூன்றுக்கும் பழைய மின்னஞ்சலில் பதிலே இல்லை. மொழியைச் சரிசெய்து இந்த ஓட்டையை அடைக்க முடியாது. எழுதுபவர் முடிவெடுக்க வேண்டும். அக்கா அன்றைக்கே உட்கார்ந்து எடுத்த முடிவுகள்: இப்போது பிள்ளைகள் போடும் யூனிஃபார்மை வாங்கிப் பார்த்து, ஒத்துப்போகும் துணித் துண்டில் தலைமையாசிரியரின் கையெழுத்து வாங்கிய பிறகே மொத்தத் துணி எடுப்பது. பணத்தைப் பெற்றோரிடம் நேரடியாக வாங்குவது, பிள்ளையின் பெயரும் வகுப்பும் போட்ட ரசீதோடு. ஜூன் மாதம் முழுக்க அளவு சரியில்லாததை இலவசமாக மாற்றிக் கொடுப்பது. இரண்டு மாதத்தில் பிள்ளைகள் வளர்ந்துவிடும் என்பதால் பேன்ட், பாவாடையின் கீழ்மடிப்பில் இரண்டு இன்ச் துணி உள்ளே விட்டுத் தைப்பது அவர் எப்போதும் செய்வதுதான். அதை எழுத வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. தினமும் செய்வதால் அது அவருக்குச் சாதாரணம். தலைமையாசிரியருக்கோ ஆர்டர் கொடுக்க அது ஒரு காரணம்.

டெலிவரிக்கும் ஒரு முடிவு வந்தது. கன்டெய்னர் லாரி நெரிசலில் திருவொற்றியூருக்குப் போகும் டி.எச். ரோடு எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் சனிக்கிழமை காலை 7 மணிக்கு மூட்டைகள் பள்ளியில் இருக்கும், வாட்ச்மேன் கேட்டைத் திறந்தால் போதும் என்று வைத்துக்கொண்டார்.

இப்போது வாக்கியங்களைத் திருப்புங்கள்

தமிழில் இதற்கு வசதியான வழிகள் இருக்கின்றன. முதல் வழி, எழுவாயாகப் பொருளையோ நாளையோ பிள்ளையையோ வைப்பது. 'நான் மே கடைசியில் டெலிவரி செய்வேன்' என்பது 'வகுப்புவாரியாகக் கட்டிய மூட்டைகள் மே கடைசிச் சனிக்கிழமை பள்ளியில் இருக்கும்' என்று ஆகும். இதில் 'நான்' இல்லை, 'நீங்கள்' என்ற சொல்லும் இல்லை. ஆனால் படிப்பவர் மனத்தில் பள்ளி வராந்தாவும் மூட்டையும் வந்துவிடுகின்றன. படிப்பவரை மையமாக வைப்பது என்றால் வரிக்கு வரி 'நீங்கள்' போடுவது என்று நினைக்க வேண்டாம்.

இரண்டாவது வழி, கேட்பதைச் சுலபமாக்கும் முடிவு. 'அட்வான்ஸாகப் பாதித் தொகை எதிர்பார்க்கிறேன்' என்பதற்குப் பதில் 'அளவு எடுக்கும் நாளில் பெற்றோர் பாதித் தொகை கட்டினால் போதும், மீதியை யூனிஃபார்ம் கைக்கு வந்த பிறகு கொடுக்கலாம்'. இந்த 'போதும்', 'கொடுக்கலாம்' இரண்டும் எதிரில் இருப்பவரின் தோளில் இருக்கும் சுமையைக் குறைக்கிற சொற்கள். 'கட்ட வேண்டும்', 'கொடுத்துவிடுங்கள்' என்று எழுதினால் தொகை அதேதான், தொனி வட்டிக்கடைக்காரருடையது.

மூன்றாவது, 'உங்களுக்கு' என்று தொடங்கும் கேள்வி. 'நேரில் சந்திக்க விரும்புகிறேன்' என்பதற்கு அவர் என்ன பதில் சொல்வார்? 'சரி' என்பார், அல்லது ஒன்றும் சொல்ல மாட்டார். 'புதன், வியாழன் இரண்டில் எந்த நாள் உங்களுக்கு வசதி?' என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் போடலாம்.

சறுக்கும் இடங்களும் இருக்கின்றன. முதலாவது, படிப்பவரின் மனத்துக்குள் புகுந்து அவர் சார்பில் சந்தோஷப்படுவது. 'எங்கள் தரத்தைப் பார்த்து நீங்கள் நிச்சயம் மகிழ்வீர்கள்' என்ற வாக்கியத்தில் 'நீங்கள்' இருக்கிறது, பேச்சு என்னவோ தன் புகழ்தான். தலைமையாசிரியர் மகிழ்வாரா இல்லையா என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது, 'நான்'ஐ ஒழிக்கிறேன் என்று 'படு' போட்டு எழுதுவது. 'அளவு எடுக்கப்படும், துணி வாங்கப்படும், மாற்றித் தரப்படும்' என்று வந்தால் அரசாங்கச் சுற்றறிக்கை வாசம் அடிக்கும். அது மட்டுமில்லை, யார் எடுப்பார், யார் மாற்றித் தருவார் என்ற கேள்விக்கு ஆள் இல்லாமல் போய்விடுகிறது. ஆளைச் சொல்லுங்கள்: 'இரண்டு பெண் டெய்லர்கள் வந்து அளவு எடுப்பார்கள்'. பெண் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அந்த 'பெண்' என்ற ஒரு சொல் எவ்வளவு பெரிய பதில் என்று பாருங்கள்.

மூன்றாவது, இல்லாத உறவைக் காட்டும் 'நாம்'. இன்னும் பேசியே இராத தலைமையாசிரியரிடம் 'நாம் சேர்ந்து பிள்ளைகளுக்கு நல்லது செய்வோம்' என்று எழுதினால் அவருக்கு இது கட்சிக் கூட்டம் மாதிரி இருக்கும். ஒரு வருடம் வேலை செய்த பிறகு 'நாம் போன ஜூனில் செய்த மாதிரியே' என்று எழுதினால் அது பொருந்தும்.

எந்த 'நான்' நிற்க வேண்டும்

எல்லா 'நான்'களையும் துடைத்துவிட்டால் மின்னஞ்சலுக்குப் பின்னால் ஆளே இல்லாத மாதிரி ஆகிவிடும். பொறுப்பு ஏற்கும் இடத்திலும் வாக்குக் கொடுக்கும் இடத்திலும் 'நான்' இருந்தே ஆக வேண்டும். 'அப்போ நீங்க எங்க இருப்பீங்க?' என்ற கேள்வி ஞாபகம் இருக்கிறதா? அதற்கு 'திறந்த முதல் வாரம் முழுக்க மாலையில் நானே பள்ளிக்கு வருவேன்' என்பதுதான் பதில். இந்த 'நானே'வை 'எங்கள் பிரதிநிதி வருவார்' என்று மாற்றினால் வாக்கியமே பயனற்றுப் போய்விடும். மன்னிப்புக் கேட்பதும் இப்படித்தான். தவறு உங்களுடையது என்றால் 'தாமதம் ஏற்பட்டுவிட்டது' என்று எழுதாமல் 'தாமதப்படுத்திவிட்டேன்' என்று எழுதுங்கள்.

வரிசையும் பொருள் வரியும்

'எங்கள் நிறுவனம் பற்றிய அறிமுகம்' என்ற பொருள் வரியைப் பார்த்து யாரும் அவசரமாகத் திறக்க மாட்டார்கள். அவருக்கு என்ன விஷயம், அவர் என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டும் பொருள் வரியிலேயே இருக்கட்டும். உள்ளே முதல் பத்தியில் அந்தத் தேதிக் காரணமும் கேள்வியும் வரட்டும். போனில் மெயில் பார்ப்பவர்கள் பொருள் வரியையும் அதை ஒட்டி வரும் சில சொற்களையும் பார்த்துத்தான் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். வணக்கம் வேண்டும், ஆனால் அதற்குப் பின் நலம் விசாரிக்கும் பத்தி வேண்டாம்.

திருத்தி முடித்தது இப்படி வந்தது:

> பொருள்: ஜூனில் பள்ளி திறக்கும்போது யூனிஃபார்ம் தயார் – மாதிரி காட்ட 10 நிமிடம் வேண்டும்
>
> மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அம்மாவுக்கு, வணக்கம்.
>
> பள்ளி திறக்கும் அன்று எல்லாப் பிள்ளைகளும் யூனிஃபார்மில் வர வேண்டும் என்றால், முழு ஆண்டுத் தேர்வு முடிவதற்குள் அளவு எடுத்துவிட வேண்டும். லீவு விட்டதும் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள். தைத்த மாதிரிகளை உங்களிடம் காட்ட 10 நிமிடம் போதும். வரும் புதன், வியாழன் இரண்டில் எந்த நாள், பள்ளி விட்ட பிறகு, உங்களுக்கு வசதி?
>
> அளவு எடுக்க ஒரு வகுப்புக்கு அரை மணி நேரம் ஆகும். பி.டி. பீரியடில் இரண்டு பெண் டெய்லர்கள் வந்து எடுப்பார்கள், பாடம் எதுவும் கெடாது. இப்போது பிள்ளைகள் போடும் யூனிஃபார்ம் ஒரு செட் கொடுத்தால், அதோடு ஒத்துப்போகும் துணித் துண்டை முதலில் கொண்டுவருகிறேன். நீங்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மொத்தத் துணி வாங்குவோம். பழைய சட்டையும் புதுச் சட்டையும் வேறு வேறு நிறமாகத் தெரியாது.
>
> பணம் பள்ளி அலுவலகம் வழியாக வராது. அளவு எடுக்கும் நாளில் பெற்றோர் பாதித் தொகை கட்டினால் போதும், மீதியை யூனிஃபார்ம் கைக்கு வந்த பிறகு கொடுக்கலாம். பிள்ளையின் பெயரும் வகுப்பும் போட்ட ரசீது உண்டு. சைஸ் வாரியான விலைப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.
>
> பெயர் ஒட்டி, வகுப்புவாரியாகக் கட்டிய மூட்டைகள் மே கடைசிச் சனிக்கிழமை காலை 7 மணிக்குப் பள்ளியில் இருக்கும். கீழ்மடிப்பில் இரண்டு இன்ச் துணி விட்டுத் தைப்பதால் உயரம் கூடினால் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். அளவு சரியில்லாதவற்றை ஜூன் மாதம் முழுக்க இலவசமாக மாற்றித் தருவேன். திறந்த முதல் வாரம் மாலை நேரத்தில் நானே பள்ளிக்கு வருவேன், பெற்றோர் உங்களைத் தேடி வர வேண்டியிருக்காது.
>
> பழைய வண்ணாரப்பேட்டையில் 15 வருடமாக யூனிட் நடக்கிறது. இப்போது இரண்டு பள்ளிகளுக்குத் தைக்கிறோம். அவர்களிடம் விசாரிக்க விரும்பினால் சொல்லுங்கள், நம்பர் தருகிறேன்.

நீளம் கூடிவிட்டது என்பது உண்மை. மின்னஞ்சல் சின்னதாக இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இங்கே கூடிய நீளம் முழுக்கத் தலைமையாசிரியரின் கேள்விகளுக்கான பதில். இதை அவர் தாளாளருக்கு அப்படியே ஃபார்வர்ட் செய்யலாம், தன் பக்கத்திலிருந்து ஒரு வரியும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் மின்னஞ்சலையும் இந்த ஃபார்வர்ட் சோதனையில் போட்டுப் பாருங்கள். முடிவெடுப்பவர் வேறொருவராக இருக்கும் இடங்களில் இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. '-றேன்', '-வேன்' இன்னும் ஐந்து இடத்தில் நிற்கின்றன. ஐந்தும் அக்கா செய்யப்போகிற அல்லது செய்துவிட்ட வேலைகள், ஒன்றில்கூட அவருடைய ஆசை இல்லை.

'நீங்கள்' போடக் கூடாத மின்னஞ்சல்

இந்த முறையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் எல்லா மின்னஞ்சலிலும் வைத்துவிடக் கூடாது. பணம் பள்ளி வழியாகவே வரும் வேறொரு ஆர்டரில், ஆகஸ்டில் மீதித் தொகை வராமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'எனக்கு இன்னும் பணம் வரவில்லை' என்பதை மாற்றுகிறேன் என்று 'நீங்கள் இன்னும் பணம் தரவில்லை' என்று எழுதினால், 'நான்' போய்விட்டது, ஆனால் விரல் அவர் முகத்தை நோக்கி நீண்டுவிட்டது. குறை சொல்லும் இடத்தில் 'நீங்கள்' எழுவாயாக வரக் கூடாது. பில்லை எழுவாயாக்குங்கள்: 'ஜூன் 20 தேதியிட்ட பில்லில் 6-ஆம் வகுப்பு பி பிரிவின் மீதித் தொகை மட்டும் பாக்கி இருக்கிறது. பெயர்ப் பட்டியலை இணைத்திருக்கிறேன், யார் யார் என்று வகுப்பாசிரியர் ஒரு பார்வை பார்த்தால் போதும்.' இதிலும் படிப்பவரின் தேவைக்குத்தான் பதில் சொல்கிறோம். எந்த வகுப்பு, எவ்வளவு பேர் என்று தேடும் வேலையை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம்.

லீவு லெட்டரிலும் இரங்கல் கடிதத்திலும் இந்த வேலையைக் காட்டாதீர்கள். காய்ச்சல் உங்களுக்கு, வருத்தமும் உங்களுடையது. அங்கே 'நான்' இயல்பாக வரட்டும். லீவு லெட்டரில் உங்கள் வேலையை யார் பார்ப்பார் என்று ஒரு வரி சேர்த்தால் மேலாளருக்கு அதுவே போதும்.

பதில் வராவிட்டால்

நான்கைந்து நாள் கழித்து இரண்டாவது மின்னஞ்சல் எழுதும்போது பழைய பழக்கம் திரும்பி வரும். 'நான் ஏற்கெனவே அனுப்பிய மெயிலுக்கு இன்னும் உங்களிடமிருந்து பதில் எதிர்பார்க்கிறேன்' என்று கை தானாக எழுதும். அதற்குப் பதில், முதல் மின்னஞ்சலுக்குப் பிறகு படிப்பவரின் பக்கத்தில் என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். தேர்வு அட்டவணை வந்துவிட்டதா? அப்படியென்றால் இரண்டு வரி போதும்: 'முழு ஆண்டுத் தேர்வு அட்டவணைப்படி கீழ் வகுப்புகளுக்குத்தான் முதலில் லீவு வருகிறது. அவர்களுக்கு மட்டும் முன்னதாக அளவு எடுத்துக்கொள்ளலாமா?' முழு ஆர்டருக்குத் தயங்குபவர்கூட இந்தச் சின்னக் கேள்விக்குப் பதில் போட்டுவிடுவார். புது மின்னஞ்சலாக அனுப்பாமல், முதலில் அனுப்பியதற்கே ரிப்ளையாக அனுப்புங்கள். அப்போது விலைப் பட்டியலைத் தேடி அவர் மேலே கீழே போக வேண்டியதில்லை.